14 பேர், 14 விதமான போட்டோ: குழுப் பக்கத்துக்கு ஒரே பாணியில் ஓவியம்

அலுவலக நிர்வாகி
எங்களுடையது சின்ன ஆடிட்டர் அலுவலகம். வலைத்தளத்தில் 'எங்கள் குழு' பக்கத்துக்கு 14 பேருக்கும் ஒரே பாணியில் ஓவியம் வேண்டும். கையில் இருப்பவை: ஐந்து ஸ்டுடியோ படங்கள், நான்கு செல்ஃபி, கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிய இரண்டு, பழைய பாஸ்போர்ட் சைஸ் படங்களின் ஸ்கேன் இரண்டு, வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான ஒன்று. பக்கத்தில் ஒவ்வொன்றும் 200 பிக்சல் வட்டமாக வரும். இருப்பதிலேயே தெளிவான மேனேஜர் படத்தை முதலில் வரையச் சொல்லி, அதையே மற்றவர்களுக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். சரியா?

கோட்டோவியர்
வேண்டாம். அந்த வாட்ஸ்அப் படத்தை முதலில் வரையச் சொல்லுங்கள்.

தெளிவான படத்தில் தொடங்கினால் ஓவியர் இமை முடி, உதட்டின் பளபளப்பு, கன்னத்து நிழல் எல்லாவற்றையும் வரைவார். அழகாகத்தான் இருக்கும். பத்தாவது ஆளிடம் வரும்போது இமையே தெரியாது. அப்போது அவர் கற்பனையில் இட்டு நிரப்புவார், அல்லது அந்த ஒருவரை மட்டும் மொட்டையாக விடுவார். முதல் வழியில் முகம் வேறு யாரோ ஆகிவிடும். இரண்டாவது வழியில் ஒரே பக்கத்தில் இரண்டு ஓவியர்கள் வேலை செய்தது போல் தெரியும். மோசமான படத்தில் என்னென்ன தெரிகிறதோ அதுதான் 14 பேருக்கும் பொதுவான எல்லை. பெரும்பாலும் தெரிவது முடியின் வெளிக்கோடு, புருவம், கண்ணின் மேல் கோடு, மூக்கின் அடி, வாய், தாடை, கண்ணாடி, மீசை. 200 பிக்சலில் ஒருவரை அடையாளம் காண இவை போதும்.

ஸ்டுடியோக்காரர்
ஒரு மோசமான படத்துக்காக 14 பேரையும் கீழே இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மோசமான படங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். நேர்வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை நிறுத்தி, போனை அவர் கண் உயரத்தில் பிடித்து, ஐந்தாறு அடி தள்ளி நின்று 2x வைத்து எடுத்தால் போதும். 14 பேரையும் இப்படி எடுத்துவிட்டால் ஓவியமே தேவையில்லை. வாடிக்கையாளர் ஆடிட்டரின் நிஜ முகத்தைப் பார்க்கத்தான் விரும்புவார்.

அலுவலக நிர்வாகி
எல்லோரையும் எடுக்க முடியாது சார். இரண்டு பேர் வெளியூர் கிளையில், ஒருவர் பேறுகால விடுப்பில். ஓவியம் என்பது பார்ட்னர்கள் எடுத்த முடிவு, அது மாறாது.

வெப்சைட் தம்பி
இதற்கு ஓவியரே வேண்டாமே. இல்லஸ்ட்ரேட்டரில் Image Trace இருக்கிறது, இங்க்ஸ்கேப்பில் Trace Bitmap இலவசம். எல்லாப் படத்தையும் ஒரே செட்டிங்கில் நான்கு வண்ணத்துக்கு இறக்கினால் தானாகவே ஒரே பாணி வந்துவிடும். எஸ்.வி.ஜி.யாகவும் கிடைக்கும். அது பிடிக்கவில்லை என்றால் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மாதிரி புள்ளி ஓவியம் போடுங்கள். கெவின் ஸ்ப்ரௌல்ஸ் 1979-இல் அவர்களுக்காகத் தொடங்கியது. போட்டோவைப் பார்த்துத்தான் வரைகிறார்கள், யார் முகமானாலும் ஒரே குடும்பமாகத் தெரியும்.

கோட்டோவியர்
தம்பி, வண்ணங்களைக் குறைத்தால் ஒற்றுமை வரும் என்று சொன்னது சரி. யார் குறைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். அந்த மென்பொருளுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும், எது மூக்கு, எது நிழல் என்று தெரியாது. மேலே விளக்கு எரிந்த படத்தில் கண்குழி இரண்டும் கறுப்புத் திட்டாகும். பக்கத்து வெளிச்சப் படத்தில் தாடை நிழல் தாடியாக மாறும். ஃபிளாஷ் அடித்த கல்யாணப் படத்தில் நெற்றியும் மூக்கும் ஒரே வெள்ளையாகிவிடும். செட்டிங் ஒன்றுதான், படத்திலிருந்த குறைகள் பதினாலு விதமாகவே இருக்கும், கூர்மையான விளிம்போடு.

புள்ளி ஓவியம் எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் புள்ளியின் அடர்த்திதான் முகத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுகிறது. ஃபிளாஷில் வெளுத்துப்போன கன்னத்தில் அடர்த்தி எங்கே கூடும், எங்கே குறையும் என்று படம் சொல்லாது. ஒரு முகத்துக்கே பல மணி நேரம் ஆகும். 200 பிக்சல் வட்டத்தில் அந்தப் புள்ளிகள் சாம்பல் பூச்சாகக் கலந்துவிடும். இந்தப் படங்களுக்கு அது பொருந்தாது.

ஸ்டுடியோக்காரர் சார் சொன்ன தூரம்தான் செல்ஃபிக்காரர்கள் நான்கு பேருக்கும் முக்கியமானது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக சுமார் 12 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். போன் 30 செ.மீ.யில் இருந்தால் காது 42 செ.மீ.யில் இருக்கும். அதனால் காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்காகத் தெரியும். 180 செ.மீ. தள்ளி எடுத்தால் அதே கணக்கு 1.07-க்கு வந்துவிடும். செல்ஃபியை அப்படியே கோடு பிடித்தால் மூக்கு பெருத்து, காது ஒளிந்து, முகம் ஒடுங்கிப்போகும். ஸ்டுடியோ படத்தை வைத்து வரைந்தவருக்குப் பக்கத்தில் அது நிச்சயம் உறுத்தும். அந்த நால்வரிடமும் வேறு யாராவது தள்ளி நின்று எடுத்த படம் ஒன்று கேளுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. முகத்தின் அளவை அதிலிருந்தும், முடி, கண்ணாடி, மீசையைச் செல்ஃபியிலிருந்தும் எடுக்கலாம்.

இன்னொன்று. சில போன்களில் செல்ஃபி இடவலம் மாறியே சேமிக்கப்படும். சட்டைப் பை வலது மார்பில் இருந்தாலோ, புடவை முந்தானை வலது தோளில் இருந்தாலோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வகிடும் மச்சமும் பக்கம் மாறினால் மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, வீட்டில் இருப்பவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

வடபழனி வாசகி
எங்கள் தாத்தா 1960களில் எடுத்த குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். முகம் பட்டாணி அளவுதான் இருக்கும். நீங்கள் சொல்லும் முறையில் அதைப் பெரிய ஓவியமாக வரைந்து மாட்ட முடியுமா? அவருடைய வேறு படம் எதுவும் எங்களிடம் இல்லை.

கோட்டோவியர்
அம்மா, அது இதற்கு நேர் எதிரான வேலை. இங்கே 14 பேரும் சேர்ந்து தெரிவதற்காகத் தெரிவதையும் விட்டுவிடுகிறோம். உங்களுக்கு இருக்கிற ஒவ்வொரு துளியையும் காப்பாற்ற வேண்டும். முதலில் அந்தப் பிரிண்டையே 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள். தனி இழையாகப் போடுங்கள், பார்க்கிறேன்.

நிர்வாகி மேடம், ஓவியரிடம் கொடுக்க வேண்டிய அச்சு இது. 800-க்கு 800 பிக்சல் சதுரம். மேலிருந்து அளந்தால் உச்சந்தலை 160-இல், கண் வரி 360-இல், முகவாய் 560-இல். கண் என்பது உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கும், அதனால் இது எல்லோருக்கும் பொருந்தும். போட்டோவைக் கண்ணையும் முகவாயையும் வைத்துப் பொருத்த வேண்டும். முடியின் உயரத்தை வைத்துப் பொருத்தினால் கொண்டை போட்டவர் முகம் சிறுத்துவிடும். இரு கண்ணுக்கும் இடையிலான அகலத்தை வைத்தால், பக்கவாட்டில் திரும்பியவருக்கு அந்த அகலம் குறைந்திருப்பதால் அவர் தலை ஊதிப்போகும். கல்யாணப் படக்காரர்கள் இருவரும் திரும்பித்தான் நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

போட்டோவின் அளவை முதலில் சரிசெய்துவிட்டு அதன்மேல் வரைய வேண்டும். வரைந்த பிறகு பெரிதாக்கினால், இல்லஸ்ட்ரேட்டரில் Scale Strokes & Effects இயக்கத்தில் இருக்கும்போது, கோடும் சேர்ந்து தடிக்கும். ஒருவர் தடித்த கோட்டிலும் இன்னொருவர் மெல்லிய கோட்டிலும் நிற்பது இப்படித்தான் நடக்கிறது. வெளிக்கோடு 8 பிக்சல், உள்கோடு 4 பிக்சல் போதும். 200-க்குச் சுருங்கும்போது அவை 2-ம் 1-ம் ஆகும். அதைவிட மெல்லிய கோடு திரையில் மங்கிப்போகும். நிழலைப் போட்டோவிலிருந்து எடுக்க வேண்டாம். எல்லோருக்கும் இடப்பக்கம் வெளிச்சம், தாடைக்கடியில் ஒரே ஒரு நிழல்.

கணக்குப்பிள்ளை
நான் ஓவியம் வரைகிறவள் இல்லை, வரையப்பட்டவள். நிறத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. முன்பு வேலை செய்த இடத்தில் இப்படி ஒரு பக்கம் போட்டார்கள். என்னை இரண்டு மடங்கு வெளுப்பாக்கி, மூக்குத்தியையும் எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, போட்டோவில் அப்படித்தான் இருந்தது என்றார்கள். அது ஸ்டுடியோவில் பிரைட் பண்ணிக் கொடுத்த பாஸ்போர்ட் படம். பக்கத்தில் இருந்தவரின் படம் டியூப்லைட்டில் எடுத்தது, அவர் பச்சையாக இருந்தார். தயவுசெய்து எங்களிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

ஸ்டுடியோக்காரர்
பாஸ்போர்ட் படம் என்றாலே பிரைட் பண்ணித் தரச் சொல்வது வாடிக்கையாளர்கள்தான் மேடம். ஆனால் உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த மாதிரிப் படத்திலிருந்து நிறத்தை எடுக்கவே கூடாது.

கோட்டோவியர்
எந்தப் படத்திலிருந்தும் எடுக்கக் கூடாது என்பேன். வெளுப்பிலிருந்து அடர் மாநிறம், கறுப்பு வரை ஆறு நிறங்கள் கொண்ட ஒரு பட்டை செய்து, ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற நிழல் நிறம் ஒன்றைச் சேர்த்து அச்சடித்துக்கொள்ளுங்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் கைக்குப் பக்கத்தில் வைத்து அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். வெளியூர் ஆட்களுக்குத் தபாலில் அனுப்பிவிடலாம். மூக்குத்தி, பொட்டு, திருநீறு, முக்காடு, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மங்கலான படத்தில் மூக்குத்தி தெரியாமல் போவது சாதாரணம்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் வரும் அளவிலேயே ஒரே தாளில் அடுக்கிப் பாருங்கள். ImageMagick என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டளை போதும்:

```
magick montage *.png -tile 7x2 -geometry 200x200+8+8 sheet.jpg
```

கண் வரி ஏறி இறங்குகிறதா, ஒரு தலை மட்டும் பெரிதாக இருக்கிறதா, ஒருவருக்கு மட்டும் கோடு அதிகமா என்பது அதில் உடனே தெரியும். பெயரைப் போடாமல் அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டுங்கள். யாரையாவது அடையாளம் சொல்லத் தடுமாறினால் முதலில் புருவத்தையும் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் உள்ள இடைவெளியையும் திருத்துங்கள். சாயல் பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது.

வெப்சைட் தம்பி
சரி அண்ணா, ட்ரேஸ் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டுடியோ படம் இருக்கும் ஐந்து பேருக்காவது கூடுதலாகக் கொஞ்சம் நுணுக்கம் கொடுத்தால் என்ன? பார்ட்னர்கள்தானே முதலில் நிற்கிறார்கள்.

கோட்டோவியர்
கொடுத்தால் மற்ற ஒன்பது பேரும் அவசரத்தில் வரைந்தது போல் தெரிவார்கள். பார்ட்னர்களை வேறுபடுத்த வேண்டுமானால் வட்டத்தின் பின்னணி நிறத்தை மாற்றுங்கள், முகத்தில் வேண்டாம்.

ஸ்டுடியோக்காரர்
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப்காரரையும் பாஸ்போர்ட்காரர்களையும் மறுபடி எடுத்தால் உங்கள் எல்லையே மேலே போய்விடும். அப்போது எல்லோருக்குமே கொஞ்சம் கூடுதலாக வரையலாமே.

கோட்டோவியர்
உள்ளூரில் இருந்தால் கட்டாயம் எடுக்கட்டும், சாயலுக்கு அது பெரிய உதவி. கோட்டின் எண்ணிக்கையை மட்டும் கூட்டாதீர்கள். அடுத்த வருடம் சேரும் ஆள் எந்தப் படத்தோடு வருவார் என்று யாருக்கும் தெரியாது.

அலுவலக நிர்வாகி
வாட்ஸ்அப் படக்காரர் இங்கேதான் இருக்கிறார், நாளை ஜன்னல் பக்கம் நிறுத்தி எடுத்துவிடுகிறேன். செல்ஃபி நால்வரிடமும் வேறு படம் கேட்டாயிற்று. இன்னொரு சிக்கல். பாஸ்போர்ட் படத்தில் இருக்கும் மூத்த ஆடிட்டருக்கு அதில் முடி முழுக்கக் கறுப்பு, இப்போது முழு நரை. கறுப்பாகவே வரையச் சொல்கிறார்.

ஸ்டுடியோக்காரர்
அவர் முகம், அவர் விருப்பம். கறுப்பாகவே வரையுங்கள்.

கணக்குப்பிள்ளை
பக்கத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருகிறவர் அவரைத் தேடக் கூடாது. என் நிறத்தை மாற்றக் கூடாது என்றால் அவர் நரையையும் மாற்றக் கூடாது.

கோட்டோவியர்
எனக்கும் நரைதான் சரி என்று படுகிறது. ஆனால் மேடத்தின் நிறத்தைக் கேட்காமல் மாற்றினார்கள், இவர் தானே கேட்கிறார். இரண்டும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு விதமாகவும் வரைந்து, அந்த 14 பேர் தாளில் வைத்து அவரிடமே காட்டுங்கள்.