208-க்கு 214: ஒரு கார்டும் காணாமல் தேடிய 6 பிக்சலும்

ராத்திரிக்காக்கை
ஃபிக்மா டிசைனை அப்படியே CSS-இல் கொண்டுவரும்போது போன வாரம் நடந்தது. ஃபிக்மாவில் ஒரு கார்டு, 24 பேடிங், தலைப்பு 24 அளவு, கீழே 8 இடைவெளி, இரண்டு வரி விளக்கம் 16 அளவில், அப்புறம் 24 இடைவெளி விட்டு 48 உயரப் பட்டன். மொத்த உயரம் 208. எல்லா எண்ணையும் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன், பிரௌசரில் 214 வந்து நின்றது. ஒரு வரிசையில் மூன்று கார்டு, அதற்குக் கீழே இன்னொரு வரிசை, கீழே போகப் போக எல்லாம் நழுவியது. டிசைனர் அக்கா ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிட்டார். எனக்கோ எங்கே தப்பு என்றே தெரியவில்லை.

கடைசியில் டெவ்டூல்ஸில் ஒவ்வொரு பெட்டியாக உயரம் பார்த்தேன். தலைப்பு 32 இருக்க வேண்டிய இடத்தில் 36. டிசைனிலிருந்து font-size மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்த லைன் ஹைட்டை விட்டிருக்கிறேன், body-யில் இருந்த 1.5 அப்படியே இறங்கி 24 × 1.5 = 36 ஆகிவிட்டது. விளக்கத்துக்கு 16 × 1.5 = 24, டிசைனிலும் அதே 24 என்பதால் அங்கே தப்பு தெரியவே இல்லை, அதுதான் என்னைச் சுற்றவிட்டது.

```css
.card-title {
  font-size: 24px;
  line-height: 32px;
  letter-spacing: -0.02em;
}
```

இதில் 4 சரியாயிற்று. மீதி 2 பார்டர். அதை நான் சரியாகத் தீர்த்தேனா என்று இன்னும் தெரியவில்லை, பேடிங்கை 23 ஆக்கி ஓட்டிவிட்டேன்.

காகிதப்புலி
இவ்வளவு கஷ்டம் எதற்கு? நான் டிசைனை PNG-யாக எடுத்து, எழுத்தின் அடியிலிருந்து அடுத்த எழுத்தின் தலைவரை அளந்து, அதையே margin-ஆகப் போட்டுவிடுவேன். கண்ணுக்குத் தெரிவதுதானே கணக்கு.

ஓரப்பிக்சல்
கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு என்பது சரி, ஆனால் அந்த எண்ணை margin-இல் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மேலே சொன்ன கார்டையே இன்டர் ஃபான்டில் வைத்து அளந்து பாருங்கள், தலைப்பு எழுத்தின் அடியிலிருந்து விளக்கத்தின் பெரிய எழுத்து உச்சிவரை சுமார் 21 வரும். டிசைனர் வைத்தது 8 தான். மீதி 13-உம் இரண்டு பெட்டிக்குள்ளும் எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் ஏற்கெனவே இருக்கிற காலி இடம். நீங்கள் 21 போட்டால் அது 34 ஆகத் தெரியும். Alt அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால் ஃபிக்மா பெட்டிக்குப் பெட்டிதான் தூரம் காட்டும், அதை அப்படியே எடுங்கள்.

ஒன்றே ஒன்று, டெக்ஸ்டில் Vertical trim போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் பெட்டியே எழுத்தளவுக்குச் சுருங்கியிருக்கும், அப்போது காகிதப்புலி அளக்கும் தூரமும் ஃபிக்மா காட்டும் தூரமும் ஒன்றுதான், ஆனால் CSS-இலும் பெட்டியை அப்படியே சுருக்கினால்தான் அதை margin-ஆகப் போடலாம்!

பார்டர் விஷயம்: அந்த ஆட்டோ லேஅவுட்டில் ஸ்ட்ரோக் Excluded என்று இருந்திருக்கும், அதாவது கோடு இடம் எடுக்காது. CSS பார்டர் எடுக்கும், மேலே 1, கீழே 1. நான் `box-shadow: inset 0 0 0 1px` போடுவேன்.

ராத்திரிக்காக்கை
ஆமாம், Excluded தான்!

அண்ணாச்சி_கோடு
விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு அந்த box-shadow காணாமல் போய்விடும் தம்பி, கார்டுக்கு ஓரமே இருக்காது. 23 பேடிங் அசிங்கம்தான், ஆனாலும் அதுவே மேல்.

ஓரப்பிக்சல்
23 போட்டால் ஸ்பேசிங் டோக்கன் கெட்டுவிடுகிறதே அண்ணாச்சி. outline போடலாம் என்றால் ஃபோகஸ் வளையத்தோடு மோதும். எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

மஞ்சள்பை
கலரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்து வந்தேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விளக்க எழுத்தை ஐடிராப்பரில் தொட்டேன், #666666 என்றது, போட்டேன். வெள்ளைக் கார்டில் பிரச்சினை இல்லை. அதே எழுத்து #FFF4CC மஞ்சள் கார்டில் வந்ததும் சாம்பல் பூசினமாதிரி ஆகிவிட்டது. பார்த்தால் அவர் வைத்தது கறுப்பு, 60%. வெள்ளையின் மேல் 255-இல் 40% மிஞ்சி 102, அதுதான் #666666. மஞ்சளின் மேல் அதுவே #666252 ஆக வேண்டும். `rgb(0 0 0 / 60%)` என்று மாற்றியதும் இரண்டு கார்டிலும் பொருந்திவிட்டது.

காகிதப்புலி
அப்படியென்றால் opacity: 0.6 போட்டாலும் அதேதானே?

மஞ்சள்பை
எழுத்து மட்டும் என்றால் அதே. என் கேஸில் உள்ளே ஒரு நீல லிங்க் இருந்தது, அதுவும் சேர்ந்து மங்கிவிட்டது. 60% ஃபில்லில் இருக்கிறதா, லேயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணாச்சி_கோடு
எங்கள் தமிழ்த் தளத்தில் வேறு கூத்து. டிசைன் இன்டரில், அதில் தமிழ் எழுத்தே கிடையாது. விண்டோஸில் ஒரு தமிழ் ஃபான்ட், ஆன்ட்ராய்டில் வேறு ஒன்று என்று பிரௌசர் தானாக எடுத்துக்கொள்ளும். 32 வரி உயரத்தில் பெட்டி என்னவோ சரியாகத்தான் நிற்கிறது, இரண்டு வரித் தலைப்பு வந்தால் மேல்வரி 'கூ'வின் வாலும் கீழ்வரி 'கி'யின் கொம்பும் இடித்துக்கொள்கின்றன. தமிழுக்கு மட்டும் 38 வைத்திருக்கிறேன். டிசைனர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.