அக்கரம்: பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டோம், இரண்டு முறை திரும்பி வந்தது

கவின் அம்மா, மஞ்சக்குப்பம்

என் பையனுக்கு இப்போது நாலு மாசம். ஐந்தாவது வாரத்தில் அவன் நாக்கு வெள்ளையாகத் தெரிந்தது. பால்தான் படிந்திருக்கும், வெந்நீரில் துணியை நனைத்துத் துடை என்றார் மாமியார். துடைத்தேன், போகவில்லை. மறுநாள் அவன் கொட்டாவி விட்டபோது உதட்டின் உள்பக்கத்திலும் இரண்டு கன்னங்களின் உள்ளேயும் தயிர்த் திப்பி மாதிரி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஒன்றை அழுத்தித் துடைத்தேன். உரிந்து வந்தது, அடியில் செக்கச்சிவந்து ஒரு பொட்டு ரத்தம். அவன் வீறிட்டு அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. பால் என்றால் நாக்கோடு நிற்கும், துடைத்தால் போய்விடும். கன்னத்துக்குள் இருந்து, துடைத்தும் போகாவிட்டால் அது பூஞ்சை என்று அப்புறம்தான் தெரிந்தது.

டாக்டர் குளோட்ரிமசோல் வாய் மருந்து எழுதிக் கொடுத்தார். நாளைக்கு நாலு வேளை. நாலே நாளில் வாய் சுத்தமானது, நாங்களும் நிறுத்திவிட்டோம். பத்து நாளில் திரும்ப வந்தது. அதே மருந்து, அதே மாதிரி மறைந்ததும் நிறுத்தினோம், மறுபடியும் வந்தது.

இதற்கிடையில் எனக்கு ஒரு வலி. பிரசவமான புதிதில் காம்பு வெடித்து வலித்தது எல்லாம் ஆறிப்போயிருந்தது. இது வேறு. அவன் குடித்து முடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். மிளகாய் பட்ட மாதிரி இரண்டு பக்கமும் அரைமணி நேரம் எரியும். நைட்டி உரசினாலே கண்ணில் தண்ணீர் வரும். காம்பைச் சுற்றிப் பளபளவென்று இளஞ்சிவப்பாகி, மெலிதாகத் தோல் உரிந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பால் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை புதுச்சேரியில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். வாயைப் பார்த்தார், டயப்பரையும் கழற்றிப் பார்த்தார். தொடை இடுக்கில் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எரியுதாம்மா?" என்றார். அழுதுவிட்டேன். சிசேரியனுக்குப் பிறகு தையல் சிவந்ததால் ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அவனுக்கு நீ கொடுக்கிற, உனக்கு அவன் கொடுக்கிறான். ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் ஆரம்பிக்கணும்" என்றார்.

அவனுக்கு வாய் மருந்து, இடுக்குக்கு ஒரு கிரீம், எனக்கு ஒரு கிரீம். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் மெலிதாகத் தடவ வேண்டும், அடுத்த முறைக்குள் மிச்சம் தெரிந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். வெள்ளை மறைந்த பிறகும் ஒரு வாரம் விடக் கூடாது என்றார். அப்போது கார்த்திகை மழை. மார்பில் வைக்கும் பருத்தித் துணி ஈரமாகவே கிடந்தது. வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டுக் காயவைத்துத்தான் வைத்தேன். எனக்கு எரிச்சல் அடங்க பத்து நாளுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை.

ஆச்சி, நெல்லிக்குப்பம்

இதைத்தாம்மா நாங்க அக்கரம் என்போம். பாலை மட்டும் நிறுத்திவிடாதே, அதுதான் முக்கியம். எங்கள் காலத்தில் தேனைத் தொட்டு நாக்கில் தடவுவோம், இல்லையென்றால் கடையில் போரோகிளிசரின் வாங்கி வருவோம். என் மூணு பிள்ளைகளுக்கும் அதுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், முத்தியால்பேட்டை

ஆச்சி, பாலை நிறுத்தக் கூடாது என்றீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மற்ற இரண்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கும் ஒருவகைக் கிருமி விதை, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து உடம்பைத் துவளச் செய்துவிடும். எப்போதோ ஒரு பிள்ளைக்குத்தான் வரும், வந்தால் மூச்சே நின்றுபோகலாம். போரோகிளிசரினில் இருப்பது வெண்காரம். பச்சைப்பிள்ளை அதை விழுங்கத்தான் செய்யும், அது விஷம்.

கவின் அம்மா, மருந்து போடும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பால் குடிப்பதற்கு முன்னால் போட்டால் பாலோடு வயிற்றுக்குப் போய்விடும். குடித்த பிறகு, கழுவிய விரலிலோ பஞ்சுக்குச்சியிலோ தொட்டு, இரண்டு கன்னம், ஈறு, நாக்கு என்று ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். மருந்து அந்த இடத்தில் பட்டுக்கொண்டு நிற்பதுதான் வேலை செய்யும். வாயில் பட்ட சொட்டுக்குழாயை அப்படியே பாட்டிலுக்குள் விடாதீர்கள். ஜெல்லாக எழுதிக் கொடுத்தால், குழந்தைக்கு எத்தனை மாசம் என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கெட்டியான ஜெல்லை மொத்தமாக வைத்தால் தொண்டையை அடைக்கும்.

ஒரு அப்பா, அரியாங்குப்பம்

எங்கள் பாப்பாவுக்கும் இதேதான், அவள் பிறந்து ஒரு மாசம் ஆகிறது. மேல் ஈறில் அரிசிக் குருணை மாதிரி மூன்று வெள்ளை முத்து, கெட்டியாக இருக்கிறது. பால் நன்றாகக் குடிக்கிறாள். இன்றைக்கே அந்த மருந்தை வாங்கிவிடட்டுமா? என் மனைவிக்கும் கிரீம் வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், முத்தியால்பேட்டை

வாங்காதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வது படலம் இல்லை, தனித்தனி முத்து. பிறந்த குழந்தைகளின் ஈறிலும் அண்ணத்திலும் அப்படி வருவது உண்டு, சில வாரத்தில் தானாகவே போய்விடும். நகத்தால் கிள்ளிவிடாதீர்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது ஒருமுறை காட்டிவிடுங்கள், போதும்.

இரட்டையர் அம்மா, திருப்பாதிரிப்புலியூர்

என் கதை நேர்மாறு. எனக்கு வலி, உடனே பூஞ்சை என்று முடிவுகட்டி இரண்டு வாரம் கிரீம் தடவினேன். பிள்ளைகள் இருவர் வாயிலும் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. வலி இடது பக்கம் மட்டும், அதுவும் வாய் வைக்கும்போதே. கடைசியில் பார்த்தால் ஒருவன் காம்பை மட்டும் கவ்வி இழுத்திருக்கிறான். காம்பைச் சுற்றியிருக்கும் கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டினார்கள், மூன்றாம் நாளே தெளிந்தது. எரிகிறது என்றாலே பூஞ்சை என்று நினைத்துவிட வேண்டாம்.

சுபா, லாஸ்பேட்டை

எனக்கு ஒன்று புரியவில்லை. என் மகளுக்கு வந்தபோது எனக்கு எரிச்சல் இல்லை, தோலும் நன்றாக இருந்தது. அம்மாவுக்கு வேண்டாம் என்றார் எங்கள் டாக்டர். ஒரு வாரத்தில் போய்விட்டது, திரும்பவும் வரவில்லை. என் தங்கைக்கும் வலி கிடையாது, ஆனால் அவள் டாக்டர் இருவருக்குமே கொடுத்தார். எது சரி அக்கா?

ஓய்வுபெற்ற நர்ஸ், முத்தியால்பேட்டை

டாக்டர்களே இதில் இரண்டு விதமாகத்தான் சொல்கிறார்கள், நானும் இரண்டையும் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வலியோ தோல் மாற்றமோ இருந்தால் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஒன்றும் இல்லாத அம்மாவுக்கு முதல் முறையே தேவையா என்பதில்தான் வேறுபாடு. திரும்பி வந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அம்மாவுக்கும் போடச் சொல்வேன். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் நிப்பிளையும் தினமும் கொதிக்கவையுங்கள்.

சரியாகப் போட்டும் ஒரு வாரத்தில் குறையாவிட்டால், குழந்தை குடிக்க மறுத்தால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் போவது குறைந்தால் காத்திருக்காதீர்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எதிர்ப்புச் சக்தியில் குறை இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கவின் அம்மா, மஞ்சக்குப்பம்

அக்கா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். எரிச்சல் இருந்த நாட்களில் பீய்ச்சிய பால் ஆறு பை ஃப்ரீசரில் இருக்கிறது. அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும். அதைக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், முத்தியால்பேட்டை

உறையவைத்தால் பூஞ்சை சாகாது. மருந்து போட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே கொடுத்துத் தீர்த்திருந்தால் கவலையே இல்லை. இப்போது என்ன செய்வது என்பதை உன் டாக்டரம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை அந்த ஆறு பையிலும் தேதி எழுதித் தனியாக வை, புதிதாகப் பீய்ச்சும் பாலோடு கலந்துவிடாதே.