காதுல பொன், பேர்ல மட்டும் ஓலை

கொட்டகலை தங்கச்சி:
அம்மாயிமார் காதுல போட்டிருந்ததைச் சிலர் தோடுன்னு சொல்றாங்க, சிலர் ஓலைன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒன்னா? பொன் நகைக்கு ஏன் ஓலைன்னு பேரு?

பசறை டீச்சர்:
தங்கச்சி, முதல்ல அது உண்மையான ஓலைதான். குருத்துப் பனையோலையை விரலகலத்துக்குக் கிழிச்சு, நரம்பை நீக்கி, பாய் சுருட்டுறது மாதிரி இறுக்கிச் சுருட்டிக் காதுத் துளையில செருகுவாங்க. சுருட்டின ஓலை விரியப் பார்க்கும். அந்த விரிவுதான் துளையை மெல்ல மெல்லப் பெரிசாக்கும். சில நாள் கழிச்சு அதைவிடத் தடிச்ச சுருள் போடுவாங்க. பின்னால வசதியானவங்க அதே சுருள் வடிவத்தைப் பொன்னுல செய்தாங்க, பேரை மாத்தல. ஆடிப்பெருக்குக்கு அம்மனுக்கு வைக்கிற காதோலை கருகமணியில இன்னைக்கும் அந்தச் சின்னச் சுருள் இருக்கு, பார்த்திருப்பீங்க. மலையில பனை வளராது. பேரு மட்டும் தமிழ்நாட்டிலிருந்து இங்க வந்தவங்களோட வந்துருச்சு.

மஸ்கெலியா தம்பி:
தோடுன்னா தொடுறது. காதைத் தொட்டுக்கிட்டு இருக்கிறதால அந்தப் பேரு.

பசறை டீச்சர்:
கேட்க நல்லா இருக்கு தம்பி, ஆனா அது இல்ல. பழைய தமிழ்ல தோடுன்னா ஓலை, பூவிதழ். தாழம்பூவோட மடலையும் தோடுன்னுதான் சொல்வாங்க. அதனால ஓலையும் தோடும் ஒரே இடத்துல பொறந்த ரெண்டு பேருங்க. ஒரு விஷயத்துல தம்பி யோசிச்சது சரி. வேலையை வச்சும் நகைக்குப் பேரு வந்திருக்கு. தோட்டிலிருந்து கூந்தலுக்குப் போற சங்கிலியை மாட்டிவிடுறதால மாட்டல், மூக்கைக் குத்திப் போடுறதால மூக்குத்தி.

ஹட்டன் பத்தர்:
இன்னைக்குத் தோட்டுல பூ, தண்டு, சுரைன்னு மூணு பாகம். தண்டு மெல்லிசு, சுரை திருகி நிக்கும். ஓலைக்கு சுரை கிடையாது, விரிஞ்சே நின்னுக்கும். அதனால ஓலை போட்ட பெரிய துளைக்கு இப்போதைய தோடு பொருந்தாது, தண்டு துளைக்குள்ள ஆடும், பூ முன்பக்கம் சாயும். இன்னொன்னு, ஓலைக்குப் பாரமில்ல, துளையை அகலமாத்தான் ஆக்கும். பொன்னுக்குப் பாரம், மடலைக் கீழ இழுக்கும். காதுமடலோட விளிம்பு நூல் மாதிரி மெலிஞ்சு போனா, அறுந்து விழுறதுக்கு முன்னாடியே நகையைக் கழட்டிரணும்.

லிந்துல அக்கா:
பேருக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. என்கிட்ட ஒரு சோடி பாம்படம் இருக்கு, ரெண்டு பவுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அடகுக் கடையில பாதிதான்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?

ஹட்டன் பத்தர்:
அக்கா, அவசரப்பட வேணாம். பாம்படத்தைப் பெரும்பாலும் மெல்லிய பொன் தகட்டுல செய்து, உள்ளே அரக்கு நிரப்புவாங்க. முழுப் பொன்னுன்னா அந்தப் பருமனுக்குக் காது தாங்காது. வீட்டுலயே பார்க்கலாம். சின்ன டிஜிட்டல் தராசுல ஒரு கப் தண்ணியை வச்சு பூச்சியமாக்குங்க. ஒன்னை நூல்ல கட்டி, அடியிலயும் பக்கத்துலயும் படாம முழுசா முக்குங்க. எட்டு கிராம் எடையுள்ள ஒன்னு முழுசா 22 கேரட்டா இருந்தா தராசு அரை கிராமுக்குப் பக்கத்துல காட்டும். அஞ்சு கிராம் பொன், மூணு கிராம் அரக்குன்னு இருந்தா மூணு கிராமுக்குப் பக்கத்துல காட்டும். கல் பதிச்ச நகைக்கும், ஓட்டை விழுந்து உள்ளே தண்ணி போற நகைக்கும் இது சரிவராது. சூட்டுலயும் வச்சிராதீங்க, அரக்கு உருகி வடிஞ்சிரும், தகடு சப்பிப் போகும்.

மஸ்கெலியா தம்பி:
அப்ப பாம்படம்னா பாம்போட படம்தானே அண்ணே?

ஹட்டன் பத்தர்:
எங்க ஆக்களும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா நான் பார்த்த பாம்படத்துல உருண்டையும் கட்டையும்தான் இருக்கு, பாம்புத் தலை இல்ல. நாகவடத்துலதான் நாகம் நேராத் தெரியும். அதனால பாம்படத்துக்கு அந்தப் பேரு எந்த வடிவத்தைப் பார்த்து வந்ததுன்னு என்னால முடிச்சுச் சொல்ல முடியாது.

பசறை டீச்சர்:
தாலியையும் சேர்த்துக்குங்க. தாலம்னா பனை. அந்தக் காலத்துல ஓலையைக் கட்டினதால தாலின்னு சிலர் சொல்றாங்க. எனக்கு முழுத் திருப்தியில்ல. சின்னப் பிள்ளைங்களுக்குத் திருமாலோட அஞ்சு ஆயுதத்தைக் கோத்துப் போட்டதையும் ஐம்படைத் தாலின்னுதான் சொன்னாங்க, புலிப்பல் கோத்ததும் தாலிதான். அங்க ஓலையும் இல்ல, கல்யாணமும் இல்ல. கழுத்துல கட்டித் தொங்குறதுக்கே அந்தப் பேரு இருந்திருக்குமோன்னு தோணுது.

கொட்டகலை தங்கச்சி:
நன்றி டீச்சர். தோடம்பழத்துல இருக்கிற தோடும் இந்தத் தோடுதானா?

பசறை டீச்சர்:
அதைத் தோடைன்னும் சொல்வாங்களே தங்கச்சி. ஓசை ஒத்துப்போறதை மட்டும் வச்சு நான் சேர்க்க மாட்டேன். யாழ்ப்பாணத்துப் பக்கம் பழைய பேச்சு தெரிஞ்ச யாராவது இருந்தா எழுதுங்க.