20 வாரம் என்று போட்டால் எம்.எஸ். பிராஜெக்ட் மூன்றரை வாரம் முன்னாடியே முடிக்கிறது (இத்தாலி ஸ்டென்டர் இறக்குமதி)

பெருந்துறை_ப்ளானர்:
வணக்கம். ஒரு ப்ராசஸிங் யூனிட்டில் புதிதாக, துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷின் போடுகிறோம். மெஷின் இத்தாலியிலிருந்து வருகிறது. சப்ளையர் கொடுத்த டெலிவரி 20 வாரம், எக்ஸ் ஒர்க்ஸ். அட்வான்ஸ் 2025 ஜூன் 2 அன்று போய்விட்டது.

எங்கள் கேலண்டர் வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி நேரம். விடுமுறை எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. டாஸ்க்கை இப்படிப் போட்டேன்:

```
Machine manufacturing   20w
Sea transit             30d
Customs clearance       7d
```

தயாரிப்பு செப்டம்பர் 25 அன்று முடிகிறதாம். விரல் விட்டு எண்ணினால் அக்டோபர் 20, தீபாவளி அன்று வருகிறது. கடைசி வரியில் நவம்பர் 7 என்று காட்டுகிறது. முதலாளி அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு இத்தாலி எரெக்டருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். எங்கே தப்பு?

சைட்_செல்வம்:
மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம் தம்பி. கடைசியில் 30 நாள் பஃபர் என்று ஒரு டாஸ்க் போட்டுவிட்டுப் போங்கள். நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

அட்டவணை_அக்கா:
செல்வம் அண்ணா சொல்வதில் பாதி சரி, பஃபர் வேண்டும்தான். ஆனால் கணக்கே தப்பாக இருக்கும்போது பஃபர் அந்தத் தப்பைத்தான் அடைக்கும், கப்பல் தாமதத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

தம்பி, File > Options > Schedule போய் Hours per week என்ன என்று பாருங்கள். 40 என்று இருக்கும். அப்படியானால் `20w` என்பது 800 மணி நேரம், அதாவது 100 வேலை நாள். உங்கள் கேலண்டரில் வாரத்துக்கு 48 மணி நேரம் ஓடுவதால் அந்த 100 நாள் பதினாறே முக்கால் வாரத்தில் தீர்ந்துவிடுகிறது.

`30d` தப்பு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஞாயிற்றுக்கிழமையும் கப்பல் ஓடும். நீங்கள் கொடுத்த 30 நாளை அது ஞாயிறு தள்ளி 35 நாளாக நீட்டுகிறது. ஒரு தப்பு இன்னொன்றைக் கொஞ்சம் மறைத்ததால்தான் நவம்பர் 7 நம்பும்படி இருக்கிறது.

உங்கள் சைட் கேலண்டர் எட்டாத வேலைகளுக்கு இப்படிப் போடுங்கள்:

```
Machine manufacturing   20ew
Sea transit             30ed
```

`e` சேர்த்தால் ராத்திரி, ஞாயிறு எல்லாம் எண்ணி ஓடும். கஸ்டம்ஸ் மட்டும் `7d` ஆகவே இருக்கட்டும், அது வேலை நாள்தான்.

பெருந்துறை_ப்ளானர்:
அக்கா, அதேதான். 40 என்று இருந்தது. `20ew` போட்டதும் அக்டோபர் 20 வந்துவிட்டது. நன்றி! அப்போ மெஷின் நவம்பர் கடைசியில் சைட்டில் இருக்கும் என்று சொல்லிவிடலாமா?

அட்டவணை_அக்கா:
பொறுங்கள். அந்த 20 வாரம் எப்போது தொடங்குகிறது என்று ஆர்டர் அக்னாலெட்ஜ்மென்டில் படித்தீர்களா? அட்வான்ஸ், லேஅவுட் டிராயிங் ஒப்புதல், இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதிலிருந்துதான் பெரும்பாலும் எண்ணுவார்கள். டிராயிங்கில் எப்போது கையெழுத்துப் போட்டீர்கள்?

இன்னொன்று, இத்தாலியில் ஆகஸ்ட் மாதம். 15ஆம் தேதியை ஒட்டி மெஷின் பட்டறைகள் இரண்டு, மூன்று வாரம் மொத்தமாக மூடிவிடுவார்கள். உங்கள் 20 வாரத்தில் அது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

திருப்பூர்_மணி:
நாங்கள் போன வருடம் பழைய மெஷின் ஒன்று இறக்கினோம். சார்ட்டர்ட் இன்ஜினியர் சர்டிஃபிகேட் இல்லை என்று 12 நாள் நிறுத்திவிட்டார்கள். முதலில் அதை வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பெருந்துறை_ப்ளானர்:
மணி அண்ணா, எங்களுடையது புது மெஷின்.

அக்கா, டிராயிங் ஒப்புதல் போனது ஜூன் 16. தெர்மிக் ஃப்ளூயிட் லைன் எந்தப் பக்கம் என்று எங்களுக்குள்ளேயே இரண்டு வாரம் சண்டை. ஆகஸ்ட் பற்றி மெயில் போட்டேன். இப்போதுதான் பதில் வந்தது: 20 வாரத்தில் சேராது, 3 வாரம் தனி.

தூத்துக்குடி_க்ளியரிங்:
நான் துறைமுகப் பக்கம் சொல்கிறேன். ஜெனோவாவிலிருந்து 30 நாள் என்பது செங்கடல் வழியாக வந்த காலத்துக் கணக்கு. 2023 கடைசியிலிருந்து பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வருகின்றன. கொழும்பில் மாற்றி ஏற்றுவதற்குக் காத்திருப்பதையும் சேர்த்து 45 நாள் வையுங்கள். அதற்கு முன்னால் பட்டறையிலிருந்து எடுத்து, கப்பலில் இடம் கிடைத்து, ஏற்றி முடிக்க 10 நாள்.

கஸ்டம்ஸை கப்பல் வந்த பிறகு தொடங்கும் வேலையாகப் போட்டிருக்கிறீர்கள். பில் ஆஃப் என்ட்ரியை கப்பல் வர 30 நாள் இருக்கும்போதே போடலாம். வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட்டே ஆக வேண்டும். தவறினால் முதல் 3 நாளுக்கு தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்து வரிச் சலுகையில் மெஷின் இறக்கும் ஈ.பி.சி.ஜி. லைசென்ஸில் இறக்குகிறீர்கள் என்றால் லைசென்ஸ், பாண்ட் எல்லாம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். லைசென்ஸில் உள்ள மெஷின் பெயரும் இன்வாய்ஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். கப்பல் கடலில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது. அட்டவணையில் சீ ட்ரான்சிட்டுக்குப் பக்கத்தில் இணையாக ஓட வேண்டும்.

எத்தனை கன்டெய்னர்?

பெருந்துறை_ப்ளானர்:
எட்டு, எல்லாம் 40 அடி. லைசென்ஸுக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லை சார்.

தூத்துக்குடி_க்ளியரிங்:
அப்படியென்றால் இந்த வாரமே போடுங்கள். காலி கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல் லைன் போடும் டிடென்ஷன் கட்டணம், எட்டுப் பெட்டி என்றால் எட்டு மடங்கு. புக்கிங் செய்யும்போதே லைனிடம் ஃப்ரீ டேஸ் கூடுதலாகக் கேட்டு எழுதி வாங்குங்கள், கப்பல் கிளம்பிய பிறகு யாரும் தரமாட்டார்கள்.

பெட்டியை மூடும் முன் உள்ளே இருக்கும் மரச்சட்டங்களை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை, பக்கத்தில் நாட்டுக் குறியீடு, எச்.டி. என்ற எழுத்து, மூன்றும் தெரிய வேண்டும். மோட்டாருக்கு அடியில் கடைசி நேரத்தில் முட்டுக் கொடுத்த ஒரே ஒரு கட்டையில் முத்திரை இல்லாமல் போய், மொத்த சரக்கும் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பெருந்துறை_ப்ளானர்:
எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஜூன் 16 தொடங்கி 20 வாரம், நவம்பர் 3. ஆகஸ்ட் மூடல் சேர்ந்து நவம்பர் 24. ஏற்றி முடிக்க டிசம்பர் 4. 45 நாள் கடலில், ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி. 19ஆம் தேதியிலிருந்து கஸ்டம்ஸ் 7 வேலை நாள், குடியரசு தினம் தள்ளி ஜனவரி 27. லாரியில் வந்து இறக்க ஜனவரி 30. முதலாளியிடம் சொன்ன தேதிக்கும் இதற்கும் 12 வாரம் வித்தியாசம்!

தூத்துக்குடி_க்ளியரிங்:
கப்பல் மூன்று நாள் முன்னால் வந்தால் பொங்கல் விடுமுறையில் வந்து நிற்கும். அந்த நாட்களையும் கேலண்டரில் போட்டு வையுங்கள்.

அட்டவணை_அக்கா:
இப்போது பஃபரை வையுங்கள். தயாரிப்பிலும் ட்ரான்சிட்டிலும் ஒளித்து வைக்காமல், சைட்டுக்கு வந்து சேர்வதற்கும் எரெக்ஷன் தொடங்குவதற்கும் நடுவில் தனி டாஸ்க்காக, எல்லோர் கண்ணிலும் படும்படி. தாமதம் வரும்போது அதில் எவ்வளவு கரைந்தது என்று தெரியும். நான் 15 `ed` வைப்பேன். எரெக்டர் டிக்கெட்டை கப்பல் கொழும்பை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள்.

சைட்_செல்வம்:
15 நாளா? எட்டுப் பெட்டியும் ஒரே கப்பலில் வந்தால் சரி. கொழும்பில் பாதியை விட்டுவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? நான் 30க்குக் கீழே இறங்கமாட்டேன்.

அட்டவணை_அக்கா:
30 என்று காட்டினால் ஃபவுண்டேஷன் கான்ட்ராக்டர் ஒரு மாதம் இருக்கிறதே என்று காலை நீட்டிவிடுவார் அண்ணா. அதுவும் பார்த்திருக்கிறேன்.

பெருந்துறை_ப்ளானர்:
20 போட்டிருக்கிறேன். டிக்கெட்டை நிறுத்திவிட்டேன். சாயந்திரம் முதலாளியிடம் ஜனவரி 30ஐச் சொல்ல வேண்டும்.