குட்டையில் நீர்த்தெள்ளுகள் திடீரெனக் குறைந்தது ஏன்?

குளக்கரை: சாலையோரக் குட்டையில் வாரம் ஒருமுறை, காலையில், 100 மில்லி நீரை முகந்து வெள்ளைத் தட்டில் ஊற்றி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் எண்ணி வருகிறேன். நீர்த்தெள்ளுகள் 12, 31, 58 என ஏறிக்கொண்டே வந்து, அடுத்த வாரம் 4 ஆகிவிட்டன. அந்த நான்கில் இரண்டின் முதுகில், வழக்கமாக முட்டைகள் தெரியும் இடத்தில், சேணம் போன்ற கரிய தகடு இருந்தது. இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஈரமண்: அது உறக்க முட்டைகளின் உறை. நானும் பார்த்திருக்கிறேன். நீர் வற்றும்போதுதான் அது உருவாகும். எனவே உங்கள் குட்டை வற்றிக்கொண்டிருக்கிறது.

குளக்கரை: இடையில் மழை பெய்து, நீர்மட்டம் உயர்ந்துதான் இருந்தது.

தெளிநீர்: உறை என்பது சரி, காரணம்தான் முழுமையாக இல்லை. கூட்டம் பெருகி உணவு குறைந்தாலும், பகற்பொழுது சுருங்கினாலும், வற்றாத குளத்திலும் அது உருவாகும். அதுவரை பெண்கள் ஆணின்றியே பெண்களைப் பெற்றுக்கொண்டிருக்கும். நெருக்கடி வந்ததும் ஆண்களும் பிறந்து, கலப்பில் உண்டான முட்டைகள், பெரும்பாலும் இரண்டு, அந்த உறைக்குள் அடையும். தாய் தோலுரிக்கும்போது உறையும் கழன்றுவிடும். ஒருமுறை கரையோர நீர்ப்படலத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல அவை மிதந்ததைக் கண்டு, தூசி என்று ஒதுக்க இருந்த நான் லென்ஸை வைத்ததும் அசையாமல் நின்றுவிட்டேன். ஆனால் 58 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இவை திரளாக நீந்துபவை. திரளுக்குள் முகந்தால் 58, அருகிலேயே முகந்தால் 4 கிடைக்கலாம். ஐந்து இடங்களில் சிறிது சிறிதாக முகந்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து 100 மில்லி எடுங்கள்.

நிழல்: திரளைப் பற்றிச் சொன்னவர் நிழலை மறந்துவிட்டார். என் குட்டையில் கொசுப்புழுக்களை எண்ணும்போது, நான் குனிந்தவுடன் அவை அனைத்தும் அடியில் இறங்கிவிட்டன. சூரியன் உங்களுக்கு எதிரே இருக்கும்படி நின்று, நிழல் நீரில் விழாமல், சில நிமிடங்கள் அசையாமல் இருந்த பிறகே முகக்க வேண்டும். தட்டின் அடியில் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கட்டம் கட்டமாக எண்ணினால் ஒன்றையே இருமுறை எண்ணும் வாய்ப்பும் குறையும். கொசுப்புழுக்களைக் குறைக்கவும் வழி சொல்ல முடியும்.

தெளிநீர்: அவர் கேட்டது நீர்த்தெள்ளுகளைப் பற்றி. அவை கொசுப்புழுக்களைப் போல மூச்சுக்காக மேலே வருபவை அல்ல. எனினும் வெளிச்சம் கூடும்போது அவையும் ஆழத்துக்கு இறங்கக்கூடும் என்பதால், அடிநீரையும் பாருங்கள்.

குளக்கரை: இந்த வாரம் ஐந்து இடங்களில் முகந்ததில் 7, அடிநீரில் 9 கிடைத்தன. ஆகவே பெரும்பாலானவை அடியில் ஒளிந்திருக்கவில்லை. கரையோரம் கரிய உறைகளும் மிதக்கின்றன. ஆனால் மல்லாந்து நீந்தும் பூச்சிகள் இரண்டு புதிதாக வந்திருக்கின்றன. அவை நீர்த்தெள்ளுகளைப் பிடித்துத் தின்பவை. நெரிசலால் குறைந்தனவா, இரையாகிக் குறைந்தனவா என்று பிரித்தறிய என்னிடம் இருப்பது ஒரே குட்டைதான்.

ஈரமண்: அந்தப் பூச்சிகள் இல்லாத குட்டை பக்கத்தில் இருந்தால், அதையும் எண்ணிப் பாருங்கள்.