புதுப்பிப்பு: கந்தசஷ்டி மரக்கறிச் சாப்பாடு, மழைக்காலம்

நான் கேட்டது: "சஷ்டி ஆறு நாளும் கிளிநொச்சிக் கடையில் மரக்கறிச் சாப்பாடுதான். மழையில் தம்புள்ளை மரக்கறி லொறி பிந்தினால் என்ன சமைக்கலாம்?"

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது ஒட்டுசுட்டான் அண்ணா சொன்ன பூசணி. மழைக்கு முன்னமே, காம்பு முறியாத முற்றின காய்களாக எடுத்து, நிலத்தில் வைக்காமல் பலகையில் ஒன்றையொன்று முட்டாமல் அடுக்கினோம். 60 சாப்பாட்டுக்கு, கழிவோடு சேர்த்து 6 கிலோ போதும். காம்படி மெத்தென்று அமுங்கினால் அந்தக் காயை அன்றைக்கே சமைக்கவேணும், உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது.

மரவள்ளியைத் தோட்டத்திலேயே விட்டுத் தேவைக்குக் கிண்டலாம் என்ற யோசனை பாதிதான் சரி. மேட்டுக்காணியில் சரிவந்தது. தண்ணி நின்ற பாத்தியில் கிழங்கு அழுகிவிட்டது.

எதிர்பாராதது முருங்கை. மழைக்குப் பூ கொட்டி, காயே இல்லை. இலையை வறுத்துப் போட்டோம், நன்றாகப் போனது.

கலியாண ஓடருக்கு லீக்ஸ் கேட்ட அக்காவுக்கு: அது மலைநாட்டுச் சரக்கு, லொறி வந்தால்தான். தக்காளிக்குப் பழப்புளி விட்டுச் சமாளித்தோம். பச்சைமிளகாய்க்குத்தான் இன்னும் வழியில்லை. செத்தல் போட்டால் சொதி சொதியாக இல்லை.