கலைச்சொல்: சுடுநீர்க் குழாயின் லூப், ஆங்கர், கைடு

கோவை, கட்டடப் பணிப் பொறியாளர்:

வணக்கம். ஒரு பத்து மாடி விடுதிக்குப் பராமரிப்புக் கையேடு எழுதுகிறேன். மொட்டை மாடி சோலார் ஹீட்டரிலிருந்து ஷாஃப்டுக்குள் 30 மீட்டர் இறங்கும் 2 அங்குல சி.பி.வி.சி. குழாய். 25 டிகிரியில் மாட்டியது. 65 டிகிரித் தண்ணீர் ஓடும்போது சுமார் 76 மில்லிமீட்டர் நீளும். மேலும் கீழும் குழாயை அசையாமல் பிடிக்கும் ஆங்கர், நடுவில் நீளுவதை வாங்கும் லூப், மாடிக்கு மாடி குழாயை நழுவ விடும் கைடு. விரிவு வளையம், நங்கூரம், வழிகாட்டி என்று எழுதியிருக்கிறேன். ஆனால் மனசு ஒப்பவில்லை.

போன வருஷம் அங்கே ஒரு ஃபிட்டர், "கிளாம்பெல்லாம் லூசா இருந்துச்சுங்க, டைட் பண்ணிட்டேன்" என்று கைடுகளையும் இறுக்கிவிட்டார். ஆங்கரும் கைடும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றே மாதத்தில் குழாய் கிளாம்புகளுக்கு நடுவே வில்லாக வளைந்தது, நான்காவது மாடியில் கிளை பிரியும் டீ இணைப்பு விரிசல் விட்டது. படிக்கிறவர் கை எதை இறுக்கும், எதை விடும் என்பதைச் சொல்லே சொல்ல வேண்டும்.

திருப்பூர், இல்லத்தரசி:

எங்கள் வீட்டு ஹீட்டரில் சூடாகும்போதெல்லாம் சேஃப்டி வால்வில் சொட்டுதுங்க. விரிவுத் தொட்டி வைக்கச் சொல்கிறார்கள். இந்த விரிவு வளையமும் அதற்குத்தானா?

ஈரோடு, பிளம்பிங் காண்ட்ராக்டர்:

செம்பு போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. செம்பு விரியாது. அப்புறம் எதற்குச் சொல்?

பொள்ளாச்சி, ஓய்வு பெற்ற பைப்பிங் டிசைனர்:

அம்மா, உங்கள் வீட்டில் பெருகுவது தண்ணீர். அதற்குத் தொட்டி சரி. இங்கே நீளுவது குழாய். நீங்கள் கேட்டதும் நல்லதாய்ப் போயிற்று: "விரிவு" என்றால் எது என்று தெரியவில்லை. "நீட்சி" என்று வைத்தால் நீளம் கண்ணில் படும்.

ஈரோட்டு அண்ணா, செம்பு குறைவாக விரியும் என்பது உண்மை. ஆனால் அதே 30 மீட்டரில் 20 மில்லிமீட்டராவது நீளும். கிளை வாயைப் பெயர்க்க அது போதும்.

கோவைத் தம்பி, அந்த டீ எப்போது சொட்டியது? சூட்டிலா, ஆறிய பிறகா?

கோவை:

விடியற்காலையில்தான் ஐயா. பகலில் காய்ந்தே இருந்தது.

பொள்ளாச்சி:

அப்படியானால் சந்தேகமே இல்லை. நீள இடமில்லாத குழாய் சூட்டில் அழுந்தி, அந்த அழுத்தத்துக்கே பழகி இளகிவிடும். இரவு ஆறும்போது சுருங்கி இழுக்கும். இழுப்பில்தான் விரிசல் வாய் திறக்கும்.

இனி சொல். லூப் வட்டமல்ல, பகரம் போல மடங்கியது. வளையம் என்றால் கடையில் ரப்பர் வளையத்தைத்தான் கொடுப்பான். "நீட்சி மடக்கு" என்பேன். ஆங்கர் நங்கூரமல்ல. நங்கூரம் போட்ட கப்பலும் அலைக்கு ஆடும். "முளை" நம் ஊர்ச்சொல். முளையில் கட்டின மாடு எங்கேயும் போகாது.

பெருந்துறை, ஐ.டி.ஐ. ஆசிரியை:

பாடத்தில் பிள்ளைகள் "வெப்ப விரிவு", "நீள் விரிவு" என்று படிக்கிறார்கள். நீட்சி என்றால் இழுத்து நீட்டுவதாக நினைப்பார்கள். எனக்குத் தயக்கம். மடக்கு பிடித்திருக்கிறது. முளை வேண்டாம், விதை முளைப்பதாகவும் படும். "நிலைப்பிடி" தெளிவு.

கைடுக்கு மட்டும் "பிடி" என்று முடியும் எந்தச் சொல்லும் வேண்டாம். பிடி என்றால் ஃபிட்டர் இறுக்குவார். கையில் காப்பு போட்டிருக்கிறோம். மணிக்கட்டை விட்டு விலகாது, ஆனால் மேலும் கீழும் நழுவும். கைடு செய்வதும் அதுதான். "காப்பு" என்று வைக்கலாமா?

கோவை:

காப்பு! இறுகிய காப்பை யாரும் போட மாட்டார்கள். எடுத்துக்கொள்கிறேன் அக்கா.

ஆனால் ஒரு சிக்கல். இந்த ஒரே மடக்குக்கு மொத்தம் 2 மீட்டர் குழாய் வேண்டும், பக்கவாட்டில் நீட்டும் கை மட்டும் 80 செ.மீ. என் ஷாஃப்டின் அகலம் 70.

பொள்ளாச்சி:

இரண்டு மடக்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 38 மில்லிமீட்டர் வரும், கை 57 செ.மீ. போதும். ஆனால் இரண்டுக்கும் நடுவே, ஐந்தாம் மாடியில், ஒரு முளை அவசியம். இல்லாவிட்டால் ஒரு மடக்கே எல்லா நீளத்தையும் வாங்கும், மற்றது சும்மா நிற்கும். மடக்கை ஒட்டிய மாடிகளில் கிளைகள்தான் அதிகம் நகரும். அங்கே கிளையை நேராகச் சுவரில் புதைக்காதீர்கள், ஒரு திருப்பம் கொடுத்து விடுங்கள்.

ஈரோடு:

சரிங்க, செம்பு பற்றி நான் சொன்னது தப்புதான். எங்கள் ஆட்கள் மேலே, கீழே, ஐந்தாம் மாடியில் இருக்கும் ஆங்கர் கிளாம்புகளுக்குச் சிவப்புப் பெயிண்ட், மற்றதுக்கெல்லாம் பச்சை அடிப்பார்கள். கையேட்டில் அதையும் எழுதுங்கள்.

பெருந்துறை:

நிறம் நன்று. முளையா நிலைப்பிடியா என்பதை என் வகுப்பில் ஃபிட்டர் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.